ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு எவ்வளவு கரண்ட் ஆகிறது? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் டேங்க் வைத்த ஆர்.ஓ. மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் அடாப்டரில் எழுதியிருக்கும் வாட்டைப் படித்துச் சொல்லிவிடுகிறோம். அது பதில் ஆகாது. நமக்குத் தெரிய வேண்டியது ஒரு லிட்டர் குடிநீர் டேங்கில் சேர எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது. அந்த ஒரு எண் கையில் இருந்தால் கரண்ட் கணக்கோடு சேர்த்து மெஷினின் உடம்பும் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். சென்னையில் எங்கள் வீட்டு மெஷினில் நான் அளந்ததை அப்படியே படிப்படியாகச் சொல்கிறேன், உங்கள் வீட்டு எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தேவையானவை

பிளக்கில் செருகி வாட் பார்க்கும் மீட்டர் ஒன்று, ஆன்லைனிலும் எலக்ட்ரிக்கல் கடைகளிலும் கிடைக்கும். ஒரு லிட்டர் பாட்டில், கோடு போட்ட ஒரு மக், ஒரு பக்கெட், போனில் டைமர். அவ்வளவுதான்.

பிளக் மீட்டர் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. வீட்டு மின்மீட்டரில் சிவப்பாக மினுக்கும் ஒரு சின்ன விளக்கு இருக்கும், பக்கத்திலேயே `3200 imp/kWh` என்பதுபோல எழுதியிருப்பார்கள். 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். பிரிட்ஜ், பேன், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆர்.ஓ. மட்டும் ஓடும்போது இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பாருங்கள். இந்த வகை மீட்டரில் 1125ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 30 வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் கிட்டத்தட்ட 38 வாட்.

முதல் படி: அடாப்டரைப் படியுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்

எங்கள் அடாப்டரில் 24 வோல்ட், 2.5 ஆம்பியர் என்று இருக்கிறது, பெருக்கினால் 60 வாட். அது அந்த அடாப்டர் அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு, மெஷின் எப்போதும் அவ்வளவு கேட்பதில்லை. மீட்டரில் செருகிப் பார்த்தபோது தண்ணீர் ஏறும் நேரம் முழுக்க 38 வாட்தான் காட்டியது. அதில் பம்பும் அடாப்டரும் சேர்ந்து 26, யு.வி. விளக்கு 12. மெஷினை அணைத்துவிட்டு விளக்கின் இணைப்பைக் கழற்றி மறுபடி ஓட்டியதில் இந்தப் பிரிவு தெரிந்தது. நீங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்றில்லை, மொத்த வாட் போதும்.

இரண்டாம் படி: ஒரு டேங்க் நிரப்பி அளவு எடுங்கள்

மெஷினுக்கு வரும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, டேங்கில் இருக்கும் தண்ணீரை எல்லாம் பாத்திரத்தில் பிடித்து வையுங்கள், சமையலுக்கு ஆகும். குழாய்மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கிவிடும், அதை விட்டுவிடலாம். வெளியேறும் கழிவுநீர்க் குழாயை பக்கெட்டில் விடுங்கள். இப்போது தண்ணீரைத் திறந்து டைமரை ஓடவிடுங்கள். மிதவை மேலே வந்து பம்ப் தானாக நிற்கும் வரை யாரும் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள், நடுவில் ஒரு டம்ளர் எடுத்தாலும் கணக்கு கெட்டுவிடும். நின்றதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, டேங்க் நீரை லிட்டர் பாட்டிலில் பிடித்துப் பிடித்து எண்ணுங்கள்.

எங்கள் வீட்டில் 54 நிமிடம் ஓடியது, 7.6 லிட்டர் குடிநீர் வந்தது, பக்கெட்டில் 21 லிட்டர் கழிவுநீர்.

இந்த இடத்தில் மீட்டரின் யூனிட் கணக்கைப் பார்க்காதீர்கள். விலை குறைந்த மீட்டர்கள் 0.01 யூனிட்டுக்குக் கீழே காட்டுவதில்லை, ஒரு டேங்க் நிரம்ப ஆவதே 0.03 யூனிட் சுமார்தான், அதில் மூன்றில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். வாட்டை நிமிடத்தால் பெருக்குவதே சரி.

```
38 × 54 ÷ 60 = 34.2 வாட்-மணி
34.2 ÷ 7.6 = 4.5 வாட்-மணி (ஒரு லிட்டருக்கு)
```

மணிக்கு எட்டரை லிட்டர் வருகிறது என்பதையும் இதே அளவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உப்பை வடிகட்டும் மெம்பரேனில் 75 ஜி.பி.டி. என்று போட்டிருப்பார்கள், அதாவது ஒரு நாளைக்கு 75 கேலன், நம் கணக்கில் மணிக்கு 12 லிட்டர் வரவேண்டும். அது 25 டிகிரி வெப்பத்தில், உப்பு குறைந்த தண்ணீரில், முழு அழுத்தத்தில் சோதித்துச் சொல்லும் அளவு. நம் போர் தண்ணீரில் அதைவிடக் குறைவதில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாம் படி: சும்மா இருக்கும்போது எவ்வளவு?

எனக்கு உண்மையில் அதிர்ச்சியாக இருந்தது இதுதான். டேங்க் நிரம்பி பம்ப் நின்ற பிறகும் அடாப்டர் சூடாக இருக்கிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? அடாப்டரும் அந்த குட்டி விளக்குகளும் நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

இவ்வளவு சின்ன அளவை மலிவான பிளக் மீட்டர் ஒழுங்காகக் காட்டாது, சிலது பூஜ்யம் என்றே காட்டும், வீட்டு மின்மீட்டரிலும் இதை நம்ப முடியாது. அதற்கு ஒரு வழி: மீட்டரில் ஒரு மல்டி பிளக் செருகி, அதில் முதலில் ஒரு எல்.இ.டி. பல்பை மட்டும் எரியவிட்டு வாட்டைப் பாருங்கள். அப்புறம் டேங்க் நிரம்பி பம்ப் நின்றிருக்கும் மெஷினையும் அதில் செருகிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பல்புக்கு 8.8, இரண்டும் சேர்ந்து 11.2. ஆக மெஷின் சும்மா இருக்க 2.4 வாட். நீங்கள் பார்க்கும்போது இந்த வித்தியாசமே 12, 13 வாட் வந்தால், தண்ணீர் ஏறாத நேரத்திலும் யு.வி. விளக்கு எரிகிறது என்று பொருள், சில மாடல்கள் அப்படித்தான்.

நாங்கள் நான்கு பேர், குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 14 லிட்டர் ஆகிறது. அந்த 14 லிட்டரை எடுக்க மெஷின் 1 மணி 40 நிமிடம் ஓடினால் போதும், 63 வாட்-மணி. மீதி 22 மணி சொச்சம் சும்மா நிற்கிறது, அதற்கு 54 வாட்-மணி. இரண்டையும் கூட்டி 14ஆல் வகுத்தால் லிட்டருக்கு 8.3. ஓடும் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் 5 லிட்டர்தான் ஆகும் என்றால் சும்மா நிற்கும் செலவு மட்டுமே லிட்டருக்கு 11 வாட்-மணியைத் தாண்டிவிடும்.

சரி, இது பணமாக எவ்வளவு? இரண்டு மாத பில்லில் 7 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 42 ரூபாய். பெரிய தொகை இல்லை, அதனால் இதைக் குறைக்கப் படாதபாடு பட வேண்டாம். இரவில் சுவிட்சை அணைத்தால் 8 மணி நேரத்துக்கு 19 வாட்-மணி மிச்சம். ஆனால் உங்கள் மாடலில் டேங்குக்குள் யு.வி. விளக்கு இருந்து அவ்வப்போது எரிந்து சேர்த்துவைத்த தண்ணீரைக் காக்கிறது என்றால் அணைக்காதீர்கள்.

நான்காம் படி: மாடிக்கு ஏற்றிய தண்ணீரையும் சேருங்கள்

மெஷினுக்குள் போகும் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றியதும் நம் கரண்ட்தான். எங்கள் மோட்டார் ஓடும்போது 850 வாட், சம்பிலிருந்து 1000 லிட்டர் தொட்டியை நிரப்ப 35 நிமிடம், அதாவது லிட்டருக்கு 0.5 வாட்-மணி. குடிநீர் 7.6, கழிவு 21, மொத்தம் 28.6 லிட்டர் உள்ளே போயிருக்கிறது. ஒரு லிட்டர் குடிநீருக்கு 3.8 லிட்டர் ஏற்றியிருக்கிறோம், 1.9 வாட்-மணி. ஆக எங்கள் வீட்டில் ஒரு லிட்டரின் முழு விலை சுமார் 10 வாட்-மணி. ஆழமான போரிலிருந்து எடுப்பவர்களுக்கு இந்தப் பங்கு இன்னும் கூடும். கழிவுநீரை பக்கெட்டில் பிடித்துப் பாத்திரம் அலசவோ தரை துடைக்கவோ எடுத்தால் இந்த மின்சாரமும் வீணாகாது.

ஒப்பிட வேண்டுமென்றால், ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 84 வாட்-மணி வெப்பம் வேண்டும், அடுப்பில் வீணாவது தனி. கொதிக்கவைத்தால் உப்பும் குறையாது.

ஐந்தாம் படி: இந்த எண் கூடினால் எங்கே கோளாறு?

இரண்டாம் படியின் 4.5ஐ தேதி போட்டு மெஷினின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தேன். பத்து மாதம் கழித்து டேங்க் நிரம்ப நேரம் ஆகிறது என்று அம்மா சொன்னார். மறுபடி அளந்தேன்: 88 நிமிடம், அதே 7.6 லிட்டர். லிட்டருக்கு 6.4 ஆகியிருந்தது. வந்து பார்த்த மெக்கானிக் "மெம்பரேன் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். ஆனால் எனக்கு ஒன்று இடித்தது, வாட் 38லிருந்து 33க்கு இறங்கியிருந்தது. மெம்பரேன் அடைத்திருந்தால் பம்ப் எதிர்த்துத் தள்ள வேண்டும், வாட் கூட வேண்டும் அல்லது அப்படியே இருக்க வேண்டும், ஏன் இறங்குகிறது?

அப்போதுதான் கழிவுநீரை மக்கில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன். முன்பு நிமிடத்துக்கு 390 மில்லி, இப்போது 220. குடிநீர், கழிவு, வாட் மூன்றும் சேர்ந்து குறைந்தால் பம்புக்கே தண்ணீர் சரியாக வரவில்லை என்று அர்த்தம். வெளியே தனியாக மாட்டியிருக்கும் ஸ்பன் ஃபில்டரைக் கழற்றினேன், வெள்ளையாக இருந்த நூல் உருளை செம்மண் பூசியதுபோல் வழவழவென்று இருந்தது, விரலால் தேய்த்தால் சேறு வந்தது. அதை மட்டும் மாற்றியதும் 55 நிமிடம், 38 வாட்.

குடிநீர் குறைந்து கழிவு குறையாமல், வாட்டும் அப்படியே அல்லது சற்றுக் கூடியிருந்தால் மெம்பரேன்தான், மாற்றிவிடுங்கள். குடிநீர் குறைந்து கழிவு மட்டும் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது, வாட்டும் இறங்கியிருக்கிறது என்றால் கழிவுக் குழாயில் இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், அது தளர்ந்துவிட்டால் மெம்பரேனுக்குள் அழுத்தம் நிற்காது.

ஒப்பிடும்போது ஒரே நேரத்தில், ஒரே பருவத்தில் அளப்பது நல்லது. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் மெம்பரேன் தருவது ஏறக்குறைய 3 சதவீதம் குறையும், மே மாத மதியம் மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீரில் எடுத்த அளவோடு மார்கழிக் காலையில் எடுத்ததை வைத்துப் பார்த்தால் நல்ல மெஷினும் கெட்டுப்போனது போலத் தெரியும்.