நோட்ஸ் ஆப் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் எலெக்ட்ரிகல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் எண்ணூரிலிருந்து ரயிலில் வரும் ஒரு பையன், "அண்ணா, எழுதணும், டைப் பண்ணணும், படமும் தேடினா வரணும். எந்த ஆப்?" என்று கேட்டான். பேனா எவ்வளவு வழுவழுப்பாக ஓடுகிறது என்பதைப் பார்த்தே பாதி முடிவு செய்திருந்தான். படிக்கும் காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

தேடிப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. எந்த ஆப்பும் நீங்கள் வரைந்த வளைகோட்டைத் தேடித் தராது. அதன் அருகில் உள்ள எழுத்தைத்தான் தேடும். ஒன்நோட், குட்நோட்ஸ், சாம்சங் நோட்ஸ் எல்லாமே கையெழுத்தைப் படிக்கும். ஆனால் நேர்வரியில் எழுதியதைப் படிக்கும் அளவுக்குப் படத்துக்குள் சாய்த்தும் செங்குத்தாகவும் எழுதியதைப் படிக்காது.

இண்டக்‌ஷன் மோட்டாரின் டார்க்-ஸ்லிப் வளைகோட்டை அழகாக வரைந்து வைத்திருந்தேன். அச்சின் ஓரமாக செங்குத்தாக Torque, உச்சியில் கோட்டைத் தொட்டபடி pull-out torque. தேர்வுக்கு முந்தைய இரவு தேடினேன், ஒன்றுமே வரவில்லை. எழுத்தும் கோடும் ஒட்டிப்போனதால் ஆப்புக்கு அது எழுத்தாகவே தெரியவில்லை. பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் கண்டுபிடித்தேன்.

அப்புறம்தான் இந்தப் பழக்கம் வந்தது. லேபிளைப் படத்துக்கு வெளியே நேராக எழுதி, ஒரு மெல்லிய கோட்டால் இணைக்க வேண்டும். படத்தின் கீழே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் இப்படி டைப் செய்ய வேண்டும்:

```
torque slip curve, pull-out torque, induction motor
```

கையெழுத்து தேடலில் சிக்காவிட்டாலும் இந்த வரி சிக்கும்.

ஆப்களை ஒப்பிடவும் இதுவே வழி. ஒரே பக்கத்தில் ஒரு கையெழுத்து வரி, சாய்ந்த லேபிளுடன் ஒரு படம், கரும்பலகை போட்டோ, டைப் செய்த வரி என்று நான்கையும் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் உள்ள சொல்லைத் தேடுங்கள். உடனே தேடினால் ஏமாறுவீர்கள், ஆப் படித்து முடிக்க நேரம் எடுக்கும். டேப்லெட்டில் மட்டும் பார்த்து விட்டுவிடாமல் போனிலும் தேடுங்கள். விண்டோஸ் ஒன்நோட்டில் போட்டோவை ரைட் கிளிக் செய்து Make Text in Image Searchable என்பதில் மொழி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்சிடியனில் எக்ஸ்காலிட்ரா வைத்து வரைபவர்களுக்கு டைப் செய்த லேபிள் கிடைக்கும், பேனாவால் கிறுக்கியது கிடைக்காது.

பலகையைப் போட்டோ எடுத்து அப்படியே விடுவது

அன்றைக்கே கீழே ஒரு வரி டைப் செய்யுங்கள்.

பிடிஎஃப் இருக்கிறதே என்று நம்புவது

ஆப்புக்குள் தேடலில் வந்த கையெழுத்து, பிடிஎஃப் ஆக்கியதும் வெறும் கோடாகிவிடலாம். செமஸ்டர் முடியும் வரை காத்திருக்காமல், முதல் வாரமே ஒரு பக்கத்தை ஏற்றுமதி செய்து வேறொரு ரீடரில் தேடிப் பாருங்கள்.

எண்ணூர்ப் பையன் நேற்று ரயிலில் வரும்போதே போனில் சோதித்திருக்கிறான். சாய்ந்த லேபிள் வரவில்லை, வெளியே நேராக எழுதியது வந்தது. இப்போது பழைய படங்களின் கீழே ஒவ்வொரு வரியாக டைப் செய்துகொண்டிருக்கிறான்.