ஆன்லைன் சர்டிபிகேட்ல லோகோவ நம்பாதீங்க

காரைக்குடில அயித்தை மகன் ஒரு டேட்டா சயின்ஸ் சர்டிபிகேட் காட்டுனான், ஐஎஸ்ஓ 9001, எம்எஸ்எம்இ, ரெண்டு லோகோவும் பளபளன்னு இருந்துச்சு. எம்எஸ்எம்இ பதிவு எந்த சின்ன கடைக்கும் கிடைக்கும், ஐஎஸ்ஓ 9001 அந்த கம்பெனி வேலை செய்ற முறைக்குத்தான், ரெண்டுமே பாடத்துக்கு குடுத்த அங்கீகாரம் இல்ல.

பார்க்க வேண்டியது பரீட்சை எப்படி நடந்துச்சுன்னுதான். வீடியோவ ஓடவிட்டாலே சர்டிபிகேட் வருதுன்னா எச்ஆர் பெருசா மதிக்க மாட்டாங்க. ஐஐடிங்க சேர்ந்து நடத்துற என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ்ல சென்டருக்கு நேர்ல போய் பரீட்சை எழுதணும், பெரும்பாலும் அதுக்கே 75 மார்க், மீதி 25 அசைன்மென்ட். அந்த சர்டிபிகேட்ல இருக்க க்யூஆர ஸ்கேன் பண்ணா ஒரிஜினலானு தெரியும்.

டிகிரில கிரெடிட்டா சேரணும்னா, அந்த கோர்ஸ ஏத்துக்குவாங்களான்னு சேர்றதுக்கு முன்னாடியே காலேஜ்ல எழுத்துல வாங்கிருங்க. அயித்தை மகன் சர்டிபிகேட்ல க்யூஆரே இல்ல, வாட்ஸ்அப் நம்பர்தான் இருந்துச்சு!