தனி எழுத்து சரி, தொடர்ந்து வந்தால் பிழை: 115200 பாட்

16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா 328பி, 115200 பாடில் ஒவ்வொரு எழுத்தாக அனுப்பினால் சரியாக வாங்கியது. இடைவெளியின்றி அனுப்பினால் ஃபிரேம் எரர். இந்த அறிகுறியே காரணத்தைச் சொல்லிவிடும்.

ரிசீவர் ஒரு பிட்டை 16 துண்டாக எண்ணுகிறது. ஸ்டார்ட் பிட்டின் இறக்கம் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, 8, 9, 10-ஆம் மாதிரிகளில் பெரும்பான்மையைப் பார்க்கிறது. அதுதான் பிட்டின் நடு. இறக்கத்திலிருந்து ஸ்டாப் பிட்டின் நடுவரை, அதாவது 9.5 பிட் தூரம், கடிகாரத்தை நம்பித்தான் ஓடுகிறது. அதற்குள் அரை பிட் நழுவினால் போச்சு: 0.5/9.5, சுமார் 5.3%. இறக்கத்தைக் கண்டறிவதில் 1/16 பிட் வரை தாமதமாகலாம் என்பதால் மிஞ்சுவது 4.6%. பெரும்பான்மைக்கான மாதிரிகளின் பரவல் அதையும் கொஞ்சம் தின்னும். இது இரு முனைப் பிழையும் சேர்ந்த கணக்கு. முனைக்கு 2% தாண்டாமல் வைப்பதே என் வழக்கம்.

இங்கே `UBRR0 = 8`:

```
16000000/(16*9) = 111111   (-3.5%)
```

ரிசீவர் மெதுவாக ஓடுவதால் ஸ்டாப் பிட்டைத் தாமதமாகப் பார்க்கிறது. எதிர்முனையும் சற்று வேகமாக இருந்தால், அடுத்த எழுத்தின் ஸ்டார்ட் பிட்டில் போய் விழுகிறது. தனி எழுத்துக்குப் பின் லைன் உயர்ந்தே இருப்பதால் பிழை ஒளிந்துகொள்கிறது.

தீர்வு, விந்தையாக, வேகத்தைக் கூட்டுவது: இரு முனையிலும் 250000 பாட், `UBRR0 = 3`, பிழை 0%. 115200-தான் வேண்டுமென்றால் 14.7456 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் `UBRR0 = 7`-ம்.