கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் ஏன் வழுக்குகிறது?

காருக்கு மாற்றியதில் மீந்த ஒரு லிட்டர் ஆயிலை வீணாக்காமல் பைக்கில் ஊற்றுவது காரைக்குடிப் பக்கம் சாதாரணம். 100 சிசி வண்டிக்கு அளவு சரியாகத்தான் இருக்கும். சிக்கல் கிளட்சில் வரும். காரின் கிளட்ச் ஆயிலைத் தொடாது. பைக்கின் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. மைலேஜுக்காகக் கார் ஆயிலில் சேர்க்கும் உராய்வு குறைப்பான்கள் அந்தப் பிளேட்டுகளின் பிடிப்பையும் குறைத்துவிடும்.

பின்னால் ஆள் ஏற்றிப் பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது டாப் கியரில் முறுக்கிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் எகிறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. முதலில் கிளட்ச் லீவர் இறுகுவதற்கு முன் கொஞ்சம் தளர்வாக அசைகிறதா என்று பாருங்கள்; கேபிள் இறுகியிருந்தாலும் இதே கோளாறுதான். அது சரியென்றால் ஆயிலை வடித்து, டப்பாவில் ஆயிலில் ஊறும் கிளட்சுக்கான தர முத்திரையான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டதை ஊற்றுங்கள். பழசு கொஞ்சம் உள்ளே தங்கும், அதனால் அடுத்த மாற்றத்தைச் சீக்கிரமே செய்வது நல்லது. அப்படியும் வழுக்கினால் பிளேட் தேய்ந்திருக்கும் அல்லது சூட்டில் பளபளத்திருக்கும், மாற்றத்தான் வேண்டும்.

ஜாசோ எம்பி முத்திரை கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. அதன் கிளட்ச் உலர்ந்தது, ஆயில் படாது. பைக்கில் ஊற்றாதீர்கள்.