பழைய சிம்மைக் கழற்றும் முன்: புது போனுக்கு மாறும் வரிசை

வெளிநாட்டில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே பலரும் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்துவிடுகிறோம்: புது போன், புது எண். தனித்தனியாகச் செய்தால் இரண்டும் சுலபம். ஒன்றாகச் செய்யும்போதுதான் வாட்ஸ்அப் உரையாடல்கள் தொலைகின்றன. காரணம், வாட்ஸ்அப் பேக்கப் உங்கள் பெயரில் இல்லை, உங்கள் எண்ணின் பெயரில் இருக்கிறது. புது போனில் புது எண்ணைக் கொடுத்தால் பழைய எண்ணின் பேக்கப்பை அது தேடவே தேடாது.

என் அறைத் தோழர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. புது போனில் புது எண்ணைக் கொடுத்துத் திறந்தார், ஒரு உரையாடல்கூட இல்லை. அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் போய்விட்டன என்று இடிந்துபோய் உட்கார்ந்தார். நல்லவேளையாகப் பழைய போனை அழிக்கவில்லை. அதில் பழைய எண்ணோடு எல்லாம் அப்படியே இருந்தது.

முதலில் புது போனில் தொடங்கிய காலிக் கணக்கை நீக்கினோம். அப்புறம் பழைய போனில் Settings > Account > Change number போய், பழைய எண்ணையும் புது எண்ணையும் கொடுத்தோம். ஆறு இலக்கக் குறியீடு புது சிம்முக்கு வந்தது. அது புது போனில் இருந்தாலும் பரவாயில்லை, பார்த்து இங்கே தட்டினால் போதும். குழுக்களும் உரையாடல்களும் இருந்த இடத்திலேயே இருக்க, எண் மட்டும் மாறியது. குழுக்களுக்குத் தானாகவே தகவல் போய்விடும். தனி நபர்களில் யாருக்குச் சொல்வது என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்தது போன் மாற்றம். அவர் உரையாடல்கள் 11 ஜிபி. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் மெயிலும் படங்களும் போக மிச்சம் 3 ஜிபிதான், அதனால் பேக்கப் முடியாமல் நின்றது. காசு கட்டத் தேவையில்லை. இரண்டுமே ஆண்ட்ராய்டு என்பதால் வைஃபையை இரண்டிலும் போட்டு, பழைய போனில் Settings > Chats > Transfer chats திறந்தோம். புது போனில் எண்ணை உறுதி செய்ததும் வரும் கியூஆர் கட்டத்தைப் பழைய போனால் ஸ்கேன் செய்தோம். முடியும்வரை இரண்டு திரையும் அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்கள் கவனிக்க: கூகுள் டிரைவில் உள்ள பேக்கப்பை ஐபோன் படிக்காது. Move to iOS செயலி வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். அதுவும் ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே செய்ய வேண்டும்; பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

டிரைவிலிருந்து எடுப்பவர்கள் Restore என்று கேட்கும் இடத்தை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். தாண்டிவிட்டால் உடனே செயலியை நீக்கி மறுபடி நிறுவுங்கள். சும்மா விட்டால், காலியான புது போனே அடுத்த பேக்கப்பை எடுத்துப் பழையதன் மேல் எழுதிவிடும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு பழைய உரையாடலின் தொடக்கம்வரை மேலே போய் ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். எழுத்துகள் முதலில் வரும், படங்கள் பின்னால்தான் இறங்கும்.

தொடர்பு எண்களில் நம்மைப்போல் நாடு மாறியவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அத்தை எண்ணை முன்னால் நாட்டுக் குறியீடு இல்லாமல் சேமித்திருப்போம். புது எண்ணுக்கு மாறியதும் வாட்ஸ்அப் அதைப் புது நாட்டு எண் என்று எடுத்துக்கொள்ளும். பெயர் போய் வெறும் எண் தெரியும். முதலில் இருக்கும் 0-வை எடுத்துவிட்டு இந்தியாவுக்கு +91, இலங்கைக்கு +94 சேர்த்து, போனிலோ சிம்மிலோ அல்லாமல் கூகுள் கணக்கில் சேமியுங்கள். எண் மாற்றும் முன்பே செய்தால் குழப்பமே வராது.

படங்களைப் பற்றி ஒரே வார்த்தை: கூகுள் போட்டோஸ் கேமரா படங்களைத்தான் தானாக எடுக்கும். வாட்ஸ்அப் படங்களின் கோப்புறையை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக வங்கி. வங்கிச் செயலிகளை நகர்த்த முடியாது, புது போனில் மறுபடி பதிய வேண்டும், அதற்கான ஓடிபி பழைய எண்ணுக்கே வரும். எனவே ஒவ்வொரு வங்கியிலும் எண்ணை மாற்றி முடிக்கும்வரை பழைய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். கூகுள் ஆதென்டிகேட்டர் பயன்படுத்துகிறவர்கள் பழைய போனில் Transfer accounts கொடுத்து, கியூஆர் வழியாகப் புது போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இவ்வளவும் முடிந்து இரண்டு வாரம் பிரச்சினை இல்லாமல் ஓடிய பிறகு பழைய போனை அழியுங்கள்.