வரைபட ஸ்கிரீன்ஷாட்டில் முதலில் பார்க்க வேண்டியது

கடலூரிலிருந்து காரில் புதுச்சேரிக்கு வரும் உறவினர் வாட்ஸ்அப்பில் கூகுள் மேப்ஸ் படம் ஒன்றை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 45 நிமிடம், சேரும் நேரம் 9:40. அரியாங்குப்பம் வழியாக நீலக் கோடு, நடுவே கொஞ்சம் சிவப்பு. பாகூர், வில்லியனூர் சுற்றிவரும் சாம்பல் கோட்டில் '8 நிமிடம் அதிகம்'.

9:40இலிருந்து 45 நிமிடத்தைக் கழியுங்கள்: 8:55. படம் எடுத்த நேரம் அதுதான், மேலே கடிகாரம் வெட்டுப்பட்டிருந்தாலும் கணக்கு மாறாது. நீங்கள் அதை 9:20க்குத் திறந்தால், பார்ப்பது 25 நிமிடப் பழைய சாலை. அந்தச் சிவப்பு கரைந்திருக்கலாம், நீண்டும் இருக்கலாம்.

சிவப்பைக் கண்டதும் பலர் 'இன்னும் பத்து நிமிடம் ஆகும்' என்று தாங்களாகவே கூட்டிக்கொள்கிறார்கள். வேண்டாம். அந்தத் தாமதம் 45 நிமிடத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆரஞ்சு என்றால் வண்டிகள் மெதுவாக நகர்கின்றன, சிவப்பு நெரிசல், அடர்சிவப்பு ஏறக்குறைய நின்றே விட்டது. நீலமாகவே இருக்கும் பகுதியில் தடையில்லை. சாம்பல் கோட்டின் 8 நிமிடமும் 8:55 நிலவரம்தான். அரியாங்குப்பத்தில் நெரிசல் கூடினால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

அதே படத்தை வைத்து நீங்கள் பைக்கில் கிளம்பினால் நேரம் பொருந்தாது. இருசக்கர வாகனத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. படத்தைவிட, நேரலை இருப்பிடத்தை அனுப்பச் சொல்வதே மேல்.