நாலு பைனான்ஸில் ஒரே நாளில் லோன் போட்டால் சிபிலில் என்ன பதிவாகும்?

வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ பைக் ஷோரூமுக்குப் போய் வண்டியைத் தேர்ந்தெடுத்ததும், பைனான்ஸ் மேசையில் இருக்கும் தம்பி பான் கார்டையும் ஆதாரையும் வாங்கிக்கொள்வார். "நாலஞ்சு பைனான்ஸ்ல போட்டு விடுதேன் அண்ணாச்சி, எதுல கெடச்சாலும் எடுத்துக்கிடலாம்" என்பார். அவருக்கு வண்டி விற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் சிபிலில் உங்கள் பெயரில் அன்றே நாலைந்து பதிவுகள் விழுந்துவிடும்.

அந்தப் பதிவுக்குப் பெயர் ஹார்டு என்குயரி. நீங்கள் கடன் கேட்டு, அதற்காக ஒரு வங்கியோ பைனான்ஸோ உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அது ஹார்டு. அடுத்து உங்கள் அறிக்கையைத் திறக்கும் எந்தக் கடன்காரருக்கும், அதாவது கடன் கொடுக்கும் யாருக்கும், அது தெரியும். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பதும், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் வங்கி தன் வாடிக்கையாளர்களை அவ்வப்போது சரிபார்ப்பதும், 'உங்களுக்கு லோன் தயார்' என்று மெசேஜ் அனுப்புவதற்காகப் பார்ப்பதும் சாஃப்ட் என்குயரி. அது மற்றக் கடன்காரர்கள் கண்ணில் படாது, ஸ்கோரையும் குறைக்காது. 'சிபிலை அடிக்கடி பார்த்தால் சிபில் அடிபடும்' என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடி எங்கே விழுகிறது

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கும் ஓர் அக்கா, 90,000 ரூபாய் கடனில் ஸ்கூட்டர் எடுக்கிறார். ஷோரூமில் ஐந்து பைனான்ஸில் போடுகிறார்கள். ஒன்று சம்மதிக்கிறது, வண்டி வீட்டுக்கு வருகிறது. அடுத்த மாதம் அப்பள இயந்திரம் வாங்க 2 லட்சம் முத்ரா கடன் கேட்டு அம்பாசமுத்திரத்தில் ஒரு வங்கிக்குப் போகிறார். மேனேஜர் அறிக்கையைத் திறக்கிறார்.

அவர் கண்ணில் படுவது ஐந்து வரிகள். ஒரே தேதி, ஐந்து நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் 90,000. கணக்குப் பகுதியில் இருப்பதோ ஒரே ஒரு வண்டிக் கடன். மற்ற நாலும் என்ன ஆயின?

கடன் அறிக்கையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எங்கேயும் எழுதியிருக்காது. 'ஷோரூம்காரர் தானாகப் போட்டது' என்றும் இருக்காது. கேட்டார் என்பது மட்டும்தான் பதிவு. ஆகவே மேனேஜர் இரண்டு விதமாக யோசிக்கலாம். நாலு பேர் இவருக்குக் கொடுக்க மறுத்திருக்கலாம். அல்லது அதில் ஒன்றிரண்டு கடன் கிடைத்தும், அறிக்கையில் இன்னும் ஏறாமல் இருக்கலாம். இரண்டாவது சந்தேகம்தான் பெரியது. புதுக் கடன் அறிக்கையில் வந்து சேரச் சில நாட்கள் ஆகும். 2025 ஜனவரிக்கு முன் கடன்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை விவரம் அனுப்பினால் போதும் என்று இருந்தது. அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. அப்படியும் ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. அந்த இடைவெளியில் ஒரே ஆள் பல இடத்தில் கடன் வாங்கிக் குவித்துவிடுவாரோ என்று கடன்காரர்கள் அஞ்சுவதால்தான், குறுகிய நாட்களில் நெருக்கமாக வரும் என்குயரிகளைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள்.

ஸ்கோர் குறைவது இதில் சின்ன விஷயம். தவணையைத் தேதிக்குக் கட்டுவதும், கிரெடிட் கார்டில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதும்தான் ஸ்கோரில் கனமானவை. ஒரு என்குயரிக்கு இத்தனை புள்ளி குறையும் என்று யூடியூபில் சொல்லும் கணக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆளுக்கு ஆள் அது மாறும். ஆனால் 'சமீப மாதங்களில் இத்தனை என்குயரிக்கு மேல் இருந்தால் வேண்டாம்' என்று கடன்காரர்கள் தங்களுக்குள் விதி வைத்திருந்தால், நல்ல ஸ்கோர் இருந்தும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

அமெரிக்க வீடியோக்களில் இன்னொன்று சொல்வார்கள்: வாகனக் கடனுக்குச் சில வாரங்களுக்குள் எத்தனை இடத்தில் கேட்டாலும் ஒன்றாகவே கணக்கு என்று. அது அந்த நாட்டு ஸ்கோர் முறை. அதை நம்பி இங்கே நாலு இடத்தில் போட வேண்டாம்.

படி 1: முதலில் உங்கள் அறிக்கையை நீங்கள் பாருங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று நாலு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபிலுக்கு `cibil.com` போய், பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்தால் ஓடிபி வரும். இடையில் காசு கட்டும் திட்டங்களைக் காட்டினால் அவற்றைத் தாண்டிப் போங்கள், இலவச அறிக்கைக்கு அவை தேவையில்லை.

அறிக்கையில் `Enquiry` என்ற பகுதிக்குப் போங்கள். யார் கேட்டார்கள், எந்தத் தேதி, என்ன வகைக் கடன், எவ்வளவு தொகை என்று வரிவரியாக இருக்கும். அதைக் கணக்குகள் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்காக மாறாத என்குயரிகளைத் தனியே எழுதி வையுங்கள், மேனேஜர் கேட்கப்போவது அவற்றைத்தான்.

படி 2: வட்டியைக் கேளுங்கள், பான் கார்டைக் கொடுக்காதீர்கள்

வட்டி, தவணை, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்க யாருக்கும் பான் எண் வேண்டாம். பத்து இடத்தில் கேளுங்கள், ஒரு பதிவும் விழாது. பான் எண்ணும் ஓடிபியும் சேர்ந்து கைமாறும்போதுதான் என்குயரி விழ வாய்ப்பு வருகிறது. மொபைல் ஆப்பில் 'தகுதியைப் பார்' என்ற பொத்தானும் அப்படித்தான். சிலவற்றில் சாஃப்ட், சிலவற்றில் பின்னாலேயே பல கடன்காரர்களுக்கு விண்ணப்பம் போய்விடும். அழுத்தும் முன் கீழே பொடி எழுத்தில் யாருக்கெல்லாம் சம்மதம் தருகிறீர்கள் என்பதைப் படியுங்கள்.

படி 3: ஷோரூமில் ஒரே பெயரைச் சொல்லுங்கள்

"இந்த ஒரு பைனான்ஸ்ல மட்டும் போடுங்க தம்பி, கெடைக்கலைன்னா நானே சொல்லுதேன்." இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அதில் எத்தனை நிறுவனங்களின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் வெற்றாக இருந்தால் நிரப்பச் சொல்லிவிட்டு ஒப்பமிடுங்கள். உங்கள் வங்கியில் சம்பளமோ வியாபாரப் பணமோ வருகிறது என்றால் முதல் விண்ணப்பம் அங்கே போவதே நல்லது.

படி 4: எஸ்எம்எஸ் பாருங்கள்

உங்கள் அறிக்கையைக் கடன்காரர் யாராவது எடுத்தால், கடன் தகவல் நிறுவனம் எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்க வேண்டும். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மொபைல் எண் மாற்றியிருந்தால் வங்கியில் புது எண்ணைக் கொடுத்து வையுங்கள். ஒரு பெயர் சொல்லிவிட்டு வந்தபின் மூன்று பெயரில் செய்தி வந்தால், அன்றே ஷோரூமுக்குப் போய்க் கேட்கலாம்.

படி 5: கிடைக்கவில்லை என்றால்

அன்றே அடுத்த இடத்தில் போட வேண்டாம். ஏன் மறுத்தார்கள் என்று கேளுங்கள், வங்கி என்றால் முக்கியக் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். வருமானத்துக்கு மேல் தவணை போகிறது என்றால் தொகையைக் குறையுங்கள். பழைய பாக்கி என்றால் அதைக் கட்டுங்கள். என்குயரி அதிகம் என்றுதான் சொன்னார்கள் என்றால், மூன்று முதல் ஆறு மாதம் புதிதாக எங்கும் கேட்காமல் இருப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. கல்லிடைக்குறிச்சி அக்கா காத்திருக்க முடியாத நிலையில் இருந்தால், ஐந்து வரிக்கும் காரணம் அந்த ஷோரூம் விண்ணப்பம்தான் என்று எழுதி, வண்டிக் கடன் ஒப்பந்த நகலையும் சேர்த்து மேனேஜரிடம் கொடுக்கலாம். ஏற்றுக்கொள்வது அவர் கையில் இருக்கிறது, ஆனால் பேச ஓர் ஆதாரம் இருக்கும்.

நீங்கள் கேட்கவே கேட்காத என்குயரி இருந்தால், அந்தத் தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே `Dispute` போடுங்கள். அவர்களாக அழித்துவிட மாட்டார்கள், எடுத்த கடன்காரரிடம் கேட்டுத்தான் திருத்துவார்கள். 30 நாளில் தீராவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். உறவுக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், புகார் போடும் முன் அந்தத் தேதியைச் சரிபாருங்கள். ஜாமீன்தாரர் அறிக்கையையும் கடன்காரர் எடுப்பார், அந்த வரி உங்கள் பெயரில்தான் வரும்.